களஞ்சியத்துக்கு யாரைச் சூப்பர் யூசராகப் போடுவது? தெரிவுகளும் ஒரு ஜி.ஆர்.என் பிழையும்

கொள்வனவு, களஞ்சியம், விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் ஈ.ஆர்.பி மென்பொருளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சில கிழமைகளில் மென்பொருள் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும்: ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சூப்பர் யூசரின் பெயரை அனுப்புங்கள். புதிய முறையில் சந்தேகமோ பிழையோ வந்தால் சக ஊழியர்கள் முதலில் தேடிப்போகும் ஆள்தான் அவர். பல இடங்களில் அதற்கு அன்று மாலையே பதில் போய்விடும். பிரிவுத் தலைவரின் பெயரை எழுதிவிடுவார்கள். இல்லையென்றால் அந்த நேரத்தில் கையில் வேலை குறைவாக இருப்பவரின் பெயரை. புதிய முறை தொடங்கிய முதல் மாதத்தில் ஊழியர்கள் யாரைக் கூப்பிடுவார்கள், பிழைகள் எங்கே தேங்கும், கணக்குகள் எப்போது ஒத்துப்போகும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு பதிலிலேயே தீர்மானமாகிவிடுகின்றன.

இந்தக் கட்டுரை களஞ்சியப் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கணக்குப் பிரிவில் ஒரு பிழை நடந்தால் அது தாளில் இருக்கும், திரும்பிப் பார்த்துத் திருத்தலாம். களஞ்சியத்தில் பொருள் லொறியில் ஏறிப் போய்விடும். அதனால் ஆள் தெரிவில் தவறினால் அதன் விலை அங்கேதான் முதலில் தெரியும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். அரிசியும் பலசரக்கும் மொத்தமாக வாங்கி விற்கிறார்கள். தலைமை அலுவலகம் திருகோணமலை நகரில், 18 பேர். பெரிய களஞ்சியம் சீனன்குடாவில், 14 பேர். கிண்ணியாவில் 5, மூதூரில் 4, கந்தளாயில் 6 என மூன்று கிளைகள். ஆக 47 பேர் புதிய முறையில் வேலை செய்யப்போகிறார்கள். பொலன்னறுவை ஆலைகளிலிருந்து அரிசி லொறிகள் விடியற்காலை 5 மணிக்கே சீனன்குடா வாசலில் வந்து நிற்கும். அலுவலகம் திறப்பது எட்டரைக்கு. இந்த நேர இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில், சூப்பர் யூசர் அவிழ்க்க வேண்டிய முடிச்சு

ஆளைத் தெரிவு செய்வதற்கு முன், அவர் எப்படிப்பட்ட சிக்கலைத் தீர்க்க வேண்டிவரும் என்பதைப் பார்த்துவிடுவோம். பொத்தான் எங்கே இருக்கிறது என்ற கேள்விகள் முதல் கிழமையிலேயே முடிந்துவிடும். நிற்பது இப்படியான சிக்கல்தான்.

கொள்வனவுப் பிரிவு ஆலையோடு கிலோவுக்கு விலை பேசுகிறது. ஆகவே கொள்வனவு ஓடரும் கிலோவிலேயே போடப்படுகிறது: நாட்டரிசி, 10,000 கிலோ. விடியற்காலை லொறி வருகிறது. பொருளை இறக்குபவர் எண்ணுவது மூட்டையை. 50 கிலோ மூட்டை 200. பொருள் பெற்றதைப் பதியும் ஜி.ஆர்.என் திரையில், அளவுப் பெட்டியில் அவர் 200 என்று அடிக்கிறார். பக்கத்தில் சிறிய எழுத்தில் `KG` என்று இருப்பதைக் கவனிக்கவில்லை. பழைய புத்தகத்தில் அவர் வருடக்கணக்கில் எழுதியது மூட்டைக் கணக்குத்தானே.

இப்போது முறைக்குள் இருப்பது 200 கிலோ, அதாவது 4 மூட்டை. களஞ்சியத் தரையில் இருப்பது 200 மூட்டை. பத்து மணிக்குக் கிண்ணியாக் கிளைக்கு 60 மூட்டை அனுப்ப முயல்கிறார்கள். ஸ்டொக் போதாது என்று திரை மறுக்கிறது. லொறி காத்து நிற்கிறது. "அக்கா, ஸ்டொக் இல்லையெண்டு காட்டுது, கொஞ்சம் பாருங்கோ" என்று ஒரு குரல் வருகிறது.

இந்த இடத்தில் அவசரப்படும் ஒருவர் செய்யக்கூடிய மிக எளிய காரியம், ஸ்டொக் சரிப்படுத்தல் திரைக்குப் போய் 9,800 கிலோவைக் கூட்டிவிடுவது. உடனே எண்ணிக்கை சரியாகும், லொறி போகும், எல்லோரும் நன்றி சொல்வார்கள். கிலோவின் சராசரி விலை 200 ரூபா என்று வைத்தால், அந்த நொடியில் 19 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா பேரேட்டில் ஸ்டொக் இலாபமாகப் பதிவாகிறது. அப்படி ஒரு இலாபம் எங்கும் நடக்கவில்லை.

நான்கைந்து நாள் கழித்து ஆலையின் இன்வொய்ஸ் 10,000 கிலோவுக்கு வருகிறது. முறை ஓடர், ஜி.ஆர்.என், இன்வொய்ஸ் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஓடர் 10,000, ஜி.ஆர்.என் 200, இன்வொய்ஸ் 10,000. கொடுப்பனவு தடுக்கப்படுகிறது. கணக்குப் பிரிவு களஞ்சியத்தைக் கூப்பிட்டு, மிச்சம் 9,800 கிலோவுக்கும் ஜி.ஆர்.என் போடுங்கள் என்கிறது. ஸ்டொக் ஏற்கனவே கூட்டப்பட்டது அவர்களுக்குத் தெரியாது. களஞ்சியம் போடுகிறது. இன்வொய்ஸ் விடுபடுகிறது. விற்பனையைச் சேர்க்காமல் பார்த்தால், 10,000 கிலோ வந்த இடத்தில் முறை இப்போது 19,800 கிலோ காட்டுகிறது. இல்லாத அரிசியை நம்பி விற்பனைப் பிரிவு ஓடர் எடுக்கத் தொடங்கும்.

சரியான வழி இவ்வளவுதான். அந்த 200 கிலோவிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை என்றால், பிழையான ஜி.ஆர்.என்-ஐ ரத்துச் செய்து 10,000 கிலோவுக்கு மீண்டும் போடுவது. அதிலிருந்து ஏதாவது போய்விட்டால் பல மென்பொருள்கள் ரத்துச் செய்ய விடாது. அப்போது அதே ஓடரின் மீதி 9,800 கிலோவுக்கு, அதே வாசல் அனுமதிச்சீட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டு இரண்டாவது ஜி.ஆர்.என் போடுவது. முதல் ரசீதோடு ஓடர் மூடப்பட்டிருந்தால் அதைத் திறக்கவேண்டியது கொள்வனவுப் பிரிவு, களஞ்சியம் அல்ல. இந்தப் பிழையைத் திருத்த ஸ்டொக் சரிப்படுத்தலை எந்த நிலையிலும் தொடக்கூடாது.

இதைச் செய்ய ஒருவருக்கு மூன்று அறிவு தேவை. மூட்டைக்கும் கிலோவுக்கும் நடுவில் பிழை எங்கே புகும் என்ற களஞ்சிய அறிவு, ஜி.ஆர்.என்-க்குப் பிறகு கணக்கில் என்ன நடக்கிறது என்ற அயல் பிரிவு அறிவு. திரையில் எதைத் திறப்பது என்ற மென்பொருள் அறிவு. மூன்றாவதைச் சில கிழமைகளில் கற்பிக்கலாம். இரண்டாவதைப் பயிற்சிக் காலத்தில் கொடுக்கலாம். முதலாவது அனுபவத்தில்தான் வரும். ஆள் தெரிவை இந்த வரிசையில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தலைகீழாகப் பார்க்கப்படுகிறது.

மூன்று ஆட்கள்

சீனன்குடாக் களஞ்சியத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று வைப்போம்.

முதலாவது, களஞ்சிய முகாமையாளர். அதிகாரம் உண்டு, முடிவு சொல்ல முடியும், மற்றப் பிரிவுத் தலைவர்களோடு சமமாகப் பேசுவார். இந்தக் காரணங்களுக்காகவே அவர் பெயர் முதலில் எழுதப்படுகிறது. ஆனால் அவர் ஜி.ஆர்.என் திரையை நாளாந்தம் திறப்பவர் அல்ல. கூட்டத்தில் இருப்பார், தொலைபேசியில் இருப்பார், கொழும்பில் இருப்பார். அதைவிடப் பெரிய தடை வேறு. தான் 200 மூட்டையை 200 கிலோவாக அடித்துவிட்டேன் என்று தன் மேலதிகாரியிடம் போய்ச் சொல்ல எந்த எழுதுவினைஞரும் விரும்பமாட்டார். சம்பள உயர்வுக்குப் பரிந்துரைப்பவரே அவர்தானே. பிழை மறைக்கப்படும், மறைக்கப்பட்ட பிழை மாத முடிவில் வெளிவரும். அவருக்குச் சரியான இடம் வேறு: விதியைத் தீர்மானிப்பவர். ஓடரைவிட எத்தனை கிலோ கூடுதலாக வந்தால் ஏற்கலாம், ஸ்டொக் சரிப்படுத்தலுக்கு யார் ஒப்புதல் தருவது போன்றவை அவர் கையில் இருக்கவேண்டும்.

இரண்டாவது, அண்மையில் சேர்ந்த இளைஞர். கணினி படித்தவர், புதிய திரையைப் பார்த்தவுடன் பிடித்துக்கொள்வார், ஆங்கிலக் கையேட்டை வாசிப்பார். பயிற்சி வகுப்பில் முதலில் முடிப்பவரும் அவர்தான், அதனால் மென்பொருள் நிறுவனத்தின் ஆலோசகர்களுக்கும் அவரைப் பிடிக்கும். அவருடைய பலவீனம் மேலே சொன்ன முடிச்சில்தான் தெரியும். ஸ்டொக் இல்லை என்று திரை சொன்னால், ஸ்டொக் கூட்டும் திரை எங்கே என்று அவருக்குத் தெரியும். ஏன் கூட்டக்கூடாது என்று தெரியாது. இன்னொன்று, இருபது வருடம் மூட்டை எண்ணிய ஒரு நானா தன் சந்தேகத்தை நேற்று வந்த தம்பியிடம் கேட்கத் தயங்குவார். அது மனித இயல்பு, பயிற்சியால் மாறாது. ஈ.ஆர்.பி கற்ற இளைஞருக்கு வெளியில் வேலை கிடைப்பதும் எளிது.

மூன்றாவது, பொருள் பெறும் பகுதியில் நடுத்தர அனுபவமுள்ள ஒரு அக்கா. முகாமையாளர் அல்ல. ஆனால் எந்த ஆலையின் மூட்டை எடை குறையும், எந்தச் சாரதி வாசல் சீட்டில் கையெழுத்திடாமல் போவார், பழைய பதிவில் நாட்டரிசி `Nadu` என்றும் `Naadu` என்றும் இரண்டு பெயரில் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவர் மேசைக்குத்தான் போகிறார்கள். கணினியில் வேகம் குறைவு. அவரை விடுவிக்க முகாமையாளர் விரும்பமாட்டார், ஏனென்றால் அவர் இல்லாமல் காலை வேலை நகராது.

எங்கள் தெரிவு மூன்றாமவர். முகாமையாளர் விட மறுப்பதே அவர் சரியான ஆள் என்பதற்கு நல்ல அடையாளம். எளிதாக விடக்கூடிய ஒருவரைத்தான் பிரிவு தருகிறது என்றால், அந்தப் பிரிவுக்கு அவர் தேவைப்படவில்லை என்று பொருள். அவரிடம் யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள்.

இதை ஊகமாக விடவேண்டியதில்லை. களஞ்சியத்தின் 14 பேரிடமும் தனித்தனியே ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து, "ஒரு ஜி.ஆர்.என் பிழைத்துப்போனால் முதலில் யாரிடம் கேட்பீர்கள், அவர் இல்லையென்றால் யாரிடம்?" என்று இரண்டு பெயர் எழுதச் சொல்லுங்கள். தங்கள் பெயரை எழுதாமல் பெட்டியில் போடட்டும். பத்து நிமிட வேலை. ஒரே பெயர் ஏழெட்டுத் தாளில் வந்தால் தேடல் முடிந்தது. ஒரு எச்சரிக்கை மட்டும்: சிலரிடம் எல்லோரும் போவது, அவர் விளக்குகிறார் என்பதற்காக அல்ல, வேலையைத் தானே செய்து கொடுத்துவிடுகிறார் என்பதற்காக. இதைக் கண்டுபிடிக்க, அவருக்குத் தெரிந்த ஒரு சிறு வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் மவுஸைப் பறித்துக்கொண்டால் அந்தப் பழக்கத்தை முதலில் திருத்தவேண்டும்.

இளைஞரை ஒதுக்கவேண்டியதில்லை. அவரை இரண்டாவது சூப்பர் யூசராகச் சேர்ப்பதுதான் நல்லது. அக்கா எது சரி என்று சொல்வார். தம்பி அது திரையில் எப்படி என்று காட்டுவார், குறிப்பு அட்டை தயாரிப்பார். ஒருவர் வேலையை விட்டாலும் மற்றவர் இருப்பார்.

நான்காவது தெரிவாகச் சிலர் சொல்வது, உள்ளே யாரும் வேண்டாம், ஆலோசகர்களே கொழும்பிலிருந்து வந்து இரண்டு கிழமை பக்கத்தில் இருக்கட்டும் என்பது. தொடக்க நாட்களுக்கு அவர்கள் தேவைதான். ஆனால் இருக்கும் நாட்களில் அவர்கள் பகலில் தலைமை அலுவலகத்தில் இருப்பார்கள், பிழை விடியற்காலை சீனன்குடாவில் நடக்கும். முதல் மாத முடிவு வரும்போது அவர்கள் போய்விட்டிருப்பார்கள்.

எத்தனை பேர்: தலைக்கணக்கா, நேரக்கணக்கா?

பொதுவாகச் சொல்லப்படும் அளவு, 10 முதல் 20 பயனர்களுக்கு ஒரு சூப்பர் யூசர். நம் 47 பேருக்கு அந்தக் கணக்கில் மூன்று முதல் ஐந்து பேர் போதும். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் ஒரே நேரத்தில் வேலை செய்தால் அது சரிவரும். இங்கே ஐந்து இடங்கள். களஞ்சியத்தில் காலை 5 மணிக்கு ஒரு வேலைமுறை தொடங்கும், பிற்பகல் 1 மணிக்கு இன்னொன்று.

ஆகவே தலையை எண்ணாமல், பதிவு நடக்கும் இடத்தையும் நேரத்தையும் எண்ணவேண்டும். பழைய ரசீதுப் புத்தகங்களை எடுத்து ஒரு கிழமையின் ஜி.ஆர்.என்-கள் எந்த மணியில் எழுதப்பட்டன என்று பார்த்தால் போதும். காலை 5 முதல் 8 வரை பாதி எழுதப்படுகிறதென்றால், எட்டரைக்கு வரும் சூப்பர் யூசர் அந்தப் பாதிக்கு இல்லாதவர். இந்தக் கணக்கில் களஞ்சியத்துக்கு வேலைமுறைக்கு ஒருவராக இரண்டு, கணக்குக்கு இரண்டு, கொள்வனவுக்கும் விற்பனைக்கும் ஒவ்வொருவர், மூன்று கிளைகளுக்கும் ஒவ்வொருவர், ஆக 9 பேர் வருகிறார்கள். கிளைகளில் இருப்பவர் முழுநேர வேலையோடு இதையும் சேர்த்துப் பார்ப்பவர். அவருக்கு ஆழமான பயிற்சி தேவையில்லை. பெறுதல், விற்றல், திருப்பி அனுப்புதல் தெரிந்து, எப்போது சீனன்குடாவைக் கூப்பிடுவது என்று தெரிந்தால் போதும்.

காலை முறைக்கு அக்கா, பிற்பகலுக்குத் தம்பி என்று பிரிக்கும்போது, அக்காவால் 5 மணிக்கு வரமுடியுமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். விடியலில் போக்குவரத்து ஒழுங்கு செய்து கொடுக்க முடியாவிட்டால், அந்த நேரத்தில் உண்மையிலேயே வாசலில் நிற்கும் ஒருவரைத் தெரிவு செய்வதுதான் சரி. தாளில் மட்டும் இருக்கும் பெயரால் ஒரு பயனும் இல்லை.

பயிற்சி: இரண்டு நாள் வகுப்பா, சோதனையில் உட்கார வைப்பதா?

மென்பொருள் நிறுவனம் வழக்கமாகத் தருவது, தொடங்குவதற்கு முந்திய கிழமையில் இரண்டு நாள் வகுப்பு. எல்லா இடத்துக்கும் பொதுவான மாதிரித் தரவு. மேசை, நாற்காலி, சைக்கிள் வாங்கி விற்கும் பயிற்சி. வழி தெரிந்துகொள்ள இது உதவும், செலவும் குறைவு. ஆனால் சைக்கிளுக்கு மூட்டையும் கிலோவும் இல்லை. அலகுச் சிக்கல் அந்த வகுப்பில் வெளிவர வழியே இல்லை.

மற்றத் தெரிவு, சூப்பர் யூசர்களை ஏற்புச் சோதனைக் கட்டத்திலேயே உள்ளே எடுப்பது. தொடங்கும் திகதிக்கு எட்டு அல்லது பத்து கிழமை முன்னதாக, நிறுவனத்தின் சொந்தப் பொருள் குறியீடுகளும் சொந்த வழங்குநர்களும் ஏற்றப்பட்ட சோதனைத் தளத்தில், சென்ற மாதத்தின் உண்மையான ரசீதுகளை அவர்களே மீண்டும் பதிவதுதான் வேலை. அக்கா முதல் லொறியின் ரசீதை அடிக்கும்போதே 200 என்று அடித்துவிட்டு நிற்பார்: "இது ஏன் கிலோவிலை கேக்குது? நாங்க மூட்டையெல்லோ எண்ணுறம்?" அந்த ஒரு கேள்விக்காகவே அவரை இவ்வளவு முன்னதாக அழைக்கிறோம். பெறுதல் அலகை `BAG50` என்று வைத்து, ஒரு `BAG50` = 50 `KG` என்று மாற்று விகிதத்தைப் பொருள் பதிவில் போட்டுவிட்டால் அந்தப் பிழையின் வாசலே அடைபடும். கொள்வனவுப் பிரிவு கிலோவிலேயே விலை பேசலாம். 25 கிலோ மூட்டையும் வருகிறதென்றால் அதற்குத் தனி அலகு வேண்டும். ஒரே `BAG` அலகை இரண்டுக்கும் பயன்படுத்தினால் பிழை திரும்ப வரும். இந்த மாற்றத்தைத் தொடங்குவதற்கு எட்டுக் கிழமை முன்பு செய்வது சிறு வேலை. ஸ்டொக் அசைவுகள் பதிவான பின் பல மென்பொருள்கள் அடிப்படை அலகை மாற்றவே விடாது; புதிய குறியீடு திறந்து இருப்பை மாற்றவேண்டி வரும்.

ஆகவே எங்கள் பரிந்துரை இரண்டாவது. அதன் விலை நேரம், அதை மறைக்கக்கூடாது. சோதனைக் கட்டத்தில் கிழமைக்கு ஒரு நாள், கடைசி நான்கு கிழமையும் கிழமைக்கு இரண்டு நாள், தொடங்கிய முதல் இரண்டு கிழமை முழுநேரம். 45 மணி நேர வேலைக் கிழமையில் இரண்டு நாள் என்றால் 16 மணி நேரம். அந்த 16 மணி நேர வேலையை யார் செய்வது என்பதற்கு ஒரு பெயர் இல்லாமல் திட்டத்தைத் தொடங்கக்கூடாது.

இங்கே நிறுவனங்கள் இரண்டு வழிகளில் ஒன்றை எடுக்கின்றன: மாதாந்தம் ஒரு கொடுப்பனவு, அல்லது பதிலாள். கொடுப்பனவு தருவது எளிது. ஆனால் பணம் கொடுத்தாலும் விடியற்காலை லொறியை அக்காதான் இறக்கவேண்டும். சோதனைக்கு நேரம் கிடைக்காது. ஒன்றைத்தான் தரமுடியும் என்றால் பதிலாளைத் தாருங்கள், ஒப்பந்தத்தில் ஒரு எழுதுவினைஞர் போதும். இரண்டும் தரமுடிந்தால் நல்லது, ஏனென்றால் பொறுப்புக் கூடுகிறது, அதற்கு ஊதியம் கூடவேண்டும் என்பது நியாயம்.

பயிற்சியின் உள்ளடக்கம்

சரியாக நடக்கும் பதிவைத் திரும்பத் திரும்பச் செய்வித்தால் பயனர் உருவாவார். பிழைத்த பதிவை அவிழ்க்கக் கொடுத்தால்தான் சூப்பர் யூசர் உருவாவார். பயிற்சித் தளத்தில் பத்துப் பிழைகளை வேண்டுமென்றே போட்டு வையுங்கள். அலகு மாறிய ஜி.ஆர்.என் ஒன்று, வேறு வழங்குநரின் ஓடரில் பெறப்பட்டது ஒன்று, `Nadu` பெயரில் வாங்கி `Naadu` பெயரில் விற்றது ஒன்று, கந்தளாய்க்கு அனுப்பியும் அங்கே பெறப்படாமல் வழியில் தொங்கும் இடமாற்றம் ஒன்று, மூடப்பட்ட மாதத்துக்குத் திகதியிட்டது ஒன்று. மிச்சத்தை உங்கள் பழைய புத்தகங்களில் அதிகம் அடித்துத் திருத்தப்பட்ட பக்கங்களிலிருந்து எடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. பிழை எந்தப் பதிவில் தொடங்கியது? அதைத் திருத்தும் உரிமை யாருடையது? திருத்திய பின் எந்த அறிக்கையில் சரிபார்ப்பது? இரண்டாவது கேள்விதான் மிக முக்கியமானது. பத்தில் மூன்று நான்கு பிழைகளுக்குச் சரியான பதில் "நான் தொடமாட்டேன், கணக்குப் பிரிவிடம் கொடுப்பேன்" என்று இருக்கும்படி அமையுங்கள். எல்லாவற்றையும் தானே திருத்த முயல்பவர் இன்னும் தயாராகவில்லை.

கணக்குப் பிரிவோடு ஒரு அரை நாளும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கா ஒரு ஜி.ஆர்.என் போட, பக்கத்தில் கணக்கு எழுதுவினைஞர் அது பேரேட்டில் எங்கே விழுகிறது என்று திறந்து காட்டவேண்டும்: ஸ்டொக் கணக்கில் பற்று, பெறப்பட்டு இன்வொய்ஸ் வராத பொருட்களின் கணக்கில் வரவு. பிறகு அதே அளவை ஸ்டொக் சரிப்படுத்தலில் போட்டு, வரவு இலாபக் கணக்கில் விழுவதைக் காட்டவேண்டும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் அந்தத் திரையை அவசரத்தில் திறக்கமாட்டார்.

உரிமைகளைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். சூப்பர் யூசருக்கு முறையின் எல்லா உரிமையையும் கொடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது வேண்டாம். தன் பிரிவின் வழக்கமான உரிமை, அயல் பிரிவுகளில் பார்க்கும் உரிமை மட்டும், இவ்வளவே. ஓடரையும் இன்வொய்ஸையும் பார்க்க முடிந்தால் பிழையின் ஊற்றைக் கண்டுபிடிக்கலாம். அவற்றை மாற்ற முடிந்தால், பொருளைப் பெறுபவரே கொடுப்பனவுக்கும் வழி திறப்பவராகிவிடுவார். எந்தக் கணக்காய்வாளரும் அதை ஏற்கமாட்டார், சூப்பர் யூசருக்கே அது பாதுகாப்பும் அல்ல.

மொழி

திரை ஆங்கிலத்தில் இருக்கும். கேள்வி தமிழிலும் சிங்களத்திலும் வரும். குறிப்பு அட்டையில் விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள், சிங்களம் பேசும் ஊழியர் இருக்கும் இடத்தில் சிங்களத்திலும். ஆனால் பொத்தானின் பெயரைத் திரையில் உள்ளபடியே விடுங்கள்: "அளவு மூட்டையில்தானா என்று பார்த்தபின் `Receive` அழுத்தவும்." பொத்தான் பெயரையும் மொழிபெயர்த்த அட்டையை வைத்துக்கொண்டு ஊழியர் திரையில் எதைத் தேடுவார்? ஒரு வேலைக்கு ஒரு அட்டை, ஒரு பக்கம், ஏழெட்டு வரிக்கு மேல் வேண்டாம். பொருளை இறக்கும் இடத்தில் தூசியும் ஈரமும் உண்டு, ஆகவே லமினேட் செய்து கணினிக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள்.

தொடங்கிய பின்

முதல் இரண்டு கிழமைக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி: சூப்பர் யூசரின் கை மற்றவரின் விசைப்பலகையில் படக்கூடாது. சொல்லலாம், சுட்டிக்காட்டலாம், அடிக்கக்கூடாது. லொறி நிற்கும்போது இதைக் கடைப்பிடிப்பது கடினம், ஆனாலும் கடைப்பிடிக்கவேண்டும். இது மீறப்படுகிறதா என்று அறிய, கிழமை முடிவில் பயனர் பெயர்வாரியாக ஜி.ஆர்.என் எண்ணிக்கையை எடுத்துப் பாருங்கள். அக்காவின் பெயரில் பாதிக்கு மேல் பதிவாகியிருந்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது: அவரே எல்லாம் செய்து கொடுக்கிறார், அல்லது அவருடைய கடவுச்சொல் கைமாறியிருக்கிறது. முதலாவதென்றால் மற்றவர்கள் கற்கவில்லை. இரண்டாவதென்றால் யார் செய்த பிழை என்று நாளை யாராலும் சொல்லமுடியாது.

கேள்விகளுக்கு வாட்சப் குழு தொடங்குவார்கள். அவசரத்துக்குக் கூப்பிட அது நல்லது, பதிவேடாக அது உதவாது. செவ்வாய்க்கிழமை கேட்ட கேள்வி புதன்கிழமை வாழ்த்துச் செய்திகளுக்குக் கீழே போய்விடும். திரையைப் படமெடுத்துப் போடும்போது ஆலைகளின் விலையும் வெளியே போகிறது. ஒரு எளிய விரிதாள் போதும்: திகதி, கேட்டவர், திரை, என்ன நடந்தது, எப்படித் தீர்ந்தது, வகை. வகை நான்கு: செய்முறை தெரியவில்லை, தரவு பிழை, உரிமை இல்லை, மென்பொருள் பழுது. நாள் முடிவில் பத்து நிமிடம் ஒதுக்கி எழுதினால் வெள்ளிக்கிழமை ஒரு படம் கிடைக்கும். ஒரே கேள்வியை ஒரே ஆள் ஐந்து முறை கேட்டால் அவருக்குப் பக்கத்தில் உட்காரவேண்டும். ஒரே கேள்வியை ஐந்து பேர் கேட்டால் திரையையோ விதியையோ மாற்றவேண்டும்; அதற்கு மீண்டும் பயிற்சி வைப்பது நேர விரயம். பழுது என்று குறிக்கப்பட்டவை மட்டும் மென்பொருள் நிறுவனத்துக்குப் போகட்டும், எப்படி மீண்டும் வரவழைப்பது என்ற படிகளோடு.

தொடங்கும் திகதியும் சூப்பர் யூசர்களைப் பாதிக்கும் முடிவுதான். கணக்காளர்கள் நிதியாண்டின் தொடக்கமான ஏப்ரல் 1-ஐ விரும்புவார்கள். அவர்களுக்கு அது வசதி. ஆனால் அதிலிருந்து இரண்டு கிழமையில் சித்திரைப் புத்தாண்டு. அதற்கு முந்திய நாட்களில் அரிசி விற்பனை உச்சத்தில் இருக்கும், பிறகு பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். சூப்பர் யூசர்கள் முழுநேரம் தேவைப்படும் அதே இரண்டு கிழமை. நோன்பு மாதம் எப்போது வருகிறது என்பதையும் கிண்ணியா, மூதூர்க் கிளைகளுக்காகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1 தவிர்க்க முடியாததென்றால், கணக்குப் பேரேட்டை அன்று தொடங்கி, களஞ்சியப் பகுதியை மே அல்லது ஜூன் முதலாம் திகதிக்குத் தள்ளலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். இடைப்பட்ட காலத்தில் ஸ்டொக் பெறுமதியை மாதம் ஒருமுறை கையால் ஏற்றவேண்டிவரும். அதற்கான உழைப்பைக் கணக்குப் பிரிவு ஏற்றால் மட்டுமே இது சரிவரும்.

முதல் மாதம் அமைதியாகப் போனதென்று பதிலாளை நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. கேள்விகள் இரண்டாவது முறையாகக் குவிவது முதல் மாத முடிவில்தான். பெறப்பட்டு இன்வொய்ஸ் வராத பொருட்களின் கணக்கைக் கணக்குப் பிரிவு திறந்து பார்க்கும்போது, மாதம் முழுவதும் நடந்த ஜி.ஆர்.என் பிழைகள் அங்கே வரிசையாக நிற்கும். அன்று அக்கா கணக்குப் பிரிவின் பக்கத்தில் இருக்கவேண்டும், களஞ்சியத்தில் மூட்டை எண்ணிக்கொண்டு அல்ல. ஆகவே பதிலாளின் ஒப்பந்தத்தைக் குறைந்தது இரண்டு மாத முடிவும், முறையிலுள்ள இருப்பைத் தரையிலுள்ள மூட்டையோடு ஒப்பிடும் முதல் முழு ஸ்டொக் எண்ணலும் முடியும்வரை வைத்திருங்கள். எண்ணலில் வித்தியாசம் வந்த ஒவ்வொரு பொருளுக்கும் அக்காவும் தம்பியும் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்து, எந்த ஜி.ஆர்.என்-இல் அல்லது எந்த இடமாற்றத்தில் அது தொடங்கியது என்று எழுதவேண்டும். அந்தப் பட்டியல் தயாரான பிறகுதான் முகாமையாளர் ஸ்டொக் சரிப்படுத்தலுக்கு ஒப்புதல் கொடுக்கவேண்டும். அந்தத் திரைக்கு உரிய நேரம் அதுதான்.